பக்கத்தில் ஜிஎஸ்டி எண், வாசலில் வாடிக்கையாளர்

கேள்வி: வீட்டிலிருந்தே குழந்தைகளுக்கான உடைகள் தைத்து இன்ஸ்டாகிராம் பக்கம் வழியாக விற்கிறேன். வெளிமாநில ஆர்டர்களுக்காக ஜிஎஸ்டி எடுத்தேன். பக்கத்தில் எங்கும் முகவரி போடவில்லை, ஜிஎஸ்டி எண் மட்டும் இருக்கிறது. அளவு சரியில்லை என்று பணத்தைத் திரும்பக் கேட்ட ஒருவர், நேராக வீட்டு வாசலுக்கே வந்து சத்தம் போட்டார். பிறகு எங்கள் முகவரி, கேட்டின் படம், என் பக்கத்திலிருந்து எடுத்த மகளின் படம் மூன்றையும் சேர்த்துப் பதிவு போட்டிருக்கிறார். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது. அவர் பக்கத்தையே மூடச் சொல்கிறார். அந்தப் பதிவை எடுக்க வைக்க முடியுமா? வீட்டு முகவரியை ஊருக்குச் சொல்லாமல் தொழில் செய்யச் சட்டத்தில் இடமுண்டா?

பதில்: சகோதரி, பதிவை எடுக்க வைக்கலாம். ஆனால் எதைக் காட்டி எடுக்கச் சொல்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். "என் வீட்டு முகவரியைப் போட்டுவிட்டார்" என்ற ஒற்றை வாதம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வலுவானதல்ல.

ஒருவரின் முகவரியை இணையத்தில் வெளியிடுவதையே தனிக் குற்றமாகச் சொல்லும் பிரிவு நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. தனியுரிமை உண்டு, அதில் சந்தேகமில்லை. 1994-இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், தன்னுடைய, தன் குடும்பத்தினுடைய அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை அடிப்படை உரிமை என்றே உறுதி செய்தது. ஆனால் அதே ராஜகோபால் தீர்ப்பில் ஒரு விலக்கும் இருக்கிறது: பொது ஆவணத்தில் ஏற்கெனவே உள்ள தகவலை வெளியிடுவதை, பொதுவாக, அந்தரங்க மீறல் என்று சொல்ல முடியாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்த இடத்தில் கை கொடுக்காது. சம்பந்தப்பட்டவரே பொதுவில் வெளியிட்ட தகவலையும், சட்டக் கடமைப்படி பிறர் வெளியிட்ட தகவலையும் அந்தச் சட்டம் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உங்கள் முகவரி அநேகமாக அப்படித்தான் அவர் கைக்குப் போயிருக்கும். gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற பகுதியில் ஒரு ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தால், பதிவுதாரரின் பெயர், வணிகப் பெயர், முதன்மை வணிக இடத்தின் முகவரி எல்லாம் வந்துவிடும். கணக்கு தொடங்கி உள்ளே நுழையத் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம்பிக்கை வரட்டும் என்று நீங்கள் பக்கத்தில் போட்ட எண், கதவு எண்ணையும் சேர்த்தே போட்டதற்குச் சமம். நோட்டீஸ் போனால் அவருடைய வக்கீல் முதலில் இதைத்தான் சொல்வார்.

அதனால் முகவரியைத் தனியாகப் பிரித்து வாதாடாதீர்கள். பணத் தகராறு ஒன்றில் அழுத்தம் கொடுப்பதற்காக முகவரியையும், வீட்டின் அடையாளத்தையும், தகராறோடு சம்பந்தமே இல்லாத ஒரு குழந்தையின் முகத்தையும் ஒன்றாகக் கோத்து வெளியிட்டிருக்கிறார் என்பதே உங்கள் வழக்கு. பொது ஆவணம் என்ற விலக்கு கேட்டின் படத்துக்கோ மகளின் படத்துக்கோ பொருந்தாது.

செயலுக்கு வருவோம். முதல் வேலை, பதிவு மறைவதற்கு முன் சாட்சியத்தைப் பிடித்து வைப்பது. பதிவின் முழு இணைப்பு, அவருடைய கணக்குப் பெயர், தேதி, கீழே உள்ள கருத்துகள் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவரோடு நடந்த உரையாடலை அழிக்காதீர்கள். எந்த போனில் எடுத்தீர்களோ அந்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது. பலர் கோபத்தில் முதலில் புகார் செய்து பதிவை நீக்க வைத்துவிட்டு, பிறகு காட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் வருகிறார்கள்.

அடுத்து தளத்துக்குப் புகார். தனியுரிமை மீறல் என்று ஒரு புகாரும், மகளின் படம் தொடர்பாகப் பதிப்புரிமைப் புகாரும் தனித்தனியாகக் கொடுங்கள். அந்தப் படத்தை எடுத்தவர் நீங்களே என்றால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அதன் முதல் உரிமையாளர் நீங்கள்தான். பல நேரங்களில் தனியுரிமைப் புகாரைவிட இதற்குத்தான் சீக்கிரம் பலன் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: பதிப்புரிமைப் புகாரில் நீங்கள் தரும் பெயரும் மின்னஞ்சலும் எதிர்த்தரப்புக்குக் காட்டப்படலாம். குடும்ப மின்னஞ்சலைக் கொடுக்காமல் தொழிலுக்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள்.

2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இவ்வகைத் தளங்களுக்குக் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். பிறர் அந்தரங்கத்தில் தலையிடும் பதிவுகளும் அந்த விதிகள் தடுக்கும் வகையில் அடங்கும். குறைதீர் அதிகாரியின் முடிவு திருப்தி தராவிட்டால், 30 நாட்களுக்குள் gac.gov.in வழியாக மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். எனவே புகார் எண்ணையும் பதிலையும் பத்திரப்படுத்துங்கள்.

அந்த வாடிக்கையாளருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதென்றால், பதிவையே முழுக்க நீக்கச் சொல்லாதீர்கள். "தைத்தது சரியில்லை, பணம் தரவில்லை" என்று உண்மையைச் சொல்ல ஒரு வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அதையும் நீக்கச் சொன்னால், விமர்சனத்தை மிரட்டி அடக்குகிறீர்கள் என்று கதை திரும்பிவிடும். முகவரி, கேட்டின் படம், குழந்தையின் படம் ஆகிய மூன்றை மட்டும் நீக்கவும், மீண்டும் வெளியிடாமல் இருக்கவும் கேளுங்கள். அவர் இணங்காவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். பணம் திருப்பித் தருவதாக இருந்தால், இந்த உறுதிமொழியையும் சேர்த்து எழுத்தில் வாங்கிக்கொண்டு தாருங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பணத்தை அனுப்பிவிட்டால் பிடி போய்விடும்.

காவல் துறைக்குப் போவது, அவர் வாசலில் என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது. வெளியே நின்று சத்தம் போட்டது ஒன்று, மிரட்டும் நோக்கத்தோடு உங்கள் வளாகத்துக்குள்ளோ வீட்டுக்குள்ளோ நுழைந்தது வேறொன்று. பின்னது பாரதிய நியாய சன்ஹிதாவில் அத்துமீறி நுழைதல் என்ற 329-ஆம் பிரிவுக்குள் வரும். "பிள்ளை எங்கே படிக்கிறது என்று தெரியும்" என்கிற மாதிரி ஏதாவது சொல்லியிருந்தால், அது 351-ஆம் பிரிவின்படி குற்றமுறு மிரட்டல். உங்களைப் பெண் என்ற முறையில் இழிவுபடுத்தும் சொற்கள் இருந்தால் 79-ஆம் பிரிவு. பின்தொடர்தல் பற்றிய 78-ஆம் பிரிவைப் பலரும் உடனே கேட்பார்கள். பணத்தகராறில் ஒருமுறை வந்து போனதற்கு அது எளிதில் பொருந்தாது. நீங்கள் விலகச் சொல்லியும் தனிப்பட்ட முறையில் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால் நிலைமை மாறும். வார்த்தைகளை நினைவிருக்கும்போதே அப்படியே எழுதி வையுங்கள். நிலையத்தில் உடனே எஃப்ஐஆர் போடாவிட்டாலும், புகார் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வராதீர்கள். இணையவழிப் புகாருக்கு cybercrime.gov.in இருக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வாங்குபவருக்கும் அரசுக்கும் எட்டாத இடத்தில் நின்று வியாபாரம் செய்யச் சட்டம் விடாது. வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் முகவரி தர வேண்டும் என்று எல்லா இடத்திலும் சொல்லவும் இல்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, சொந்தமாக விற்பனைத் தளம் நடத்துபவர் சட்டப்பூர்வப் பெயர், முதன்மை அலுவலக முகவரி, தொடர்பு விவரம், குறைதீர் அதிகாரி விவரம் ஆகியவற்றைத் தளத்திலேயே காட்ட வேண்டும். பிறருடைய சந்தைத் தளத்தில் விற்பவர் அந்த விவரங்களைத் தள நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். அதை அந்த நிறுவனம் வாங்குபவருக்குத் தெரியப்படுத்தும். எப்போதாவது ஒன்றிரண்டு விற்பவருக்குத்தான் விலக்கு. நீங்கள் தொடர்ச்சியாகச் செய்வதால் அது உங்களுக்குக் கிடைக்காது.

ஆகவே சொந்த இணையதளம் தொடங்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் வீடல்லாத ஒரு முகவரி வேண்டும். இப்போதைக்கு, செய்தி வழியாக ஆர்டர் எடுக்கும் பக்கத்திலிருந்து ஜிஎஸ்டி எண்ணை நீக்கிவிடுங்கள். வரி விலைப்பட்டியலில் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் மூன்றும் இருந்தாக வேண்டும், அது வாங்கியவருக்குப் போகும். அதோடு நிற்கட்டும். சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழின் படத்தையும் போடாதீர்கள். அதில் முகவரி, கைபேசி எண் உட்பட அச்சாகியிருக்கும்.

எண்ணை எடுத்தால் மட்டும் போதாது, ஏற்கெனவே பார்த்தவர்கள் இருப்பார்கள். பகிர்வு அலுவலகம் ஒன்றில் சிறிய இடம் எடுத்து, அதை முதன்மை வணிக இடமாக மாற்றலாம். வாடகை ஒப்பந்தம் அல்லது சம்மதக் கடிதம், அந்த இடத்தின் மின்கட்டண ரசீது போன்ற ஆதாரம் வேண்டும். மாற்றம் நடந்த 15 நாட்களுக்குள் REG-14 படிவத்தில் திருத்தம் கேட்க வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்க்கலாம். கணக்குப் புத்தகங்களும் முதன்மை இடத்தில்தான் இருக்க வேண்டும், அதனால் பெயருக்கு ஒரு முகவரி வாங்கி வைப்பது ஆபத்து. தையல் வீட்டில் நடக்கும்வரை வீட்டைக் கூடுதல் வணிக இடமாகக் காட்டியாக வேண்டும், அதை மறைத்தால் பொய்யான தகவல் தந்ததாகிவிடும். வீட்டை முற்றிலும் பதிவிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் தையலையும் அங்கிருந்து நகர்த்த வேண்டியதுதான். அஞ்சலகத்தில் தபால் பெட்டி எடுத்தால் கடிதத்துக்கு உதவும், ஆனால் ஜிஎஸ்டிக்கோ மின்வணிக விதிகளுக்கோ அது முகவரி ஆகாது.

மாமனார் விஷயத்தில் ஒன்று. அவர் தந்த சம்மதக் கடிதத்தின் பேரில்தான் அந்த வீடு உங்கள் ஜிஎஸ்டி பதிவில் ஏறியிருக்கும். அவர் அதைத் திரும்பப் பெற்றால், அந்த முகவரியில் தொழில் நடத்தும் உரிமையே கேள்விக்குள்ளாகும். அவருடைய பேச்சைக் குடும்பப் பிடிவாதமாக மட்டும் எடுக்காதீர்கள், சட்டப்படி அவர் ஒரு தரப்பு. REG-14 விண்ணப்ப எண்ணையும் புதிய இடத்தின் ஒப்பந்தத்தையும் அவரிடம் காட்டிப் பேசுங்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால், பதில் அனுப்ப வேண்டிய முகவரியாக வழக்கறிஞர் அலுவலகத்தையே குறிப்பிடச் சொல்லுங்கள். நோட்டீஸின் படமும் நாளை அந்த வாடிக்கையாளரின் பக்கத்தில் ஏறலாம்.