மூன்றாம் நாள் ஏறிய எண்

சார், மும்பை மாரத்தானில் முதல்முறையாக முழுத் தூரம் ஓடினேன். வழக்கமாக எழுந்ததும் நாடி 54; எச்ஆர்வி 50 முதல் 62 வரை. ஓட்டத்துக்கு மறுநாள் நாடி 66, எச்ஆர்வி 29. இரண்டாம் நாள் 61, 41. மூன்றாம் நாள் 52, 71! தேறிவிட்டேன் என்று நான்காம் நாள் சிவாஜி பார்க்கில் 8 கிலோமீட்டர் வேகமாக ஓடினேன். ஐந்தாம் நாள் 60, 36. இன்று எட்டாம் நாள், இன்னும் 59, 40. குழுவில் எல்லோரும் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். நான் எப்போது ஓடலாம்? இதயத்தில் ஏதாவது கோளாறா?
— கே., மாட்டுங்கா

அன்புள்ள கே.,

உங்களை ஏமாற்றியது அந்த 71. அது பொய்யான எண் இல்லை, நீங்கள் கேட்காத கேள்விக்கு வந்த பதில்.

மாரத்தானில் வியர்வையாகத் தண்ணீரும் உப்பும் போகின்றன. அப்புறம் இரண்டு மூன்று நாட்களுக்கு உடம்பு கிடைத்ததையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி வழக்கத்தைவிடக் கூடுகிறது. சிலருக்கு மோதிரம் இறுகுவதும் கணுக்கால் லேசாக வீங்குவதும் இந்த நாட்களில்தான். ரத்தம் கூடினால் ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் நன்றாக நிரம்பும். குறைவாகத் துடித்தாலே போதும். இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் கை ஓங்குகிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைவதைத்தானே எச்ஆர்வி அளக்கிறது? அதை ஆட்டிவைப்பது பெரும்பாலும் இந்த நரம்பு. ஆக நாடி 52-க்கு இறங்கியதும் எச்ஆர்வி 71-க்கு ஏறியதும் ஒரே காரணத்தால் இருக்கலாம். உங்கள் வரம்பு 62-இல் முடிகிறது. அதைத் தாண்டிய எண்ணையும், அதற்குக் கீழே விழுந்த எண்ணைப் போலவே, இன்னும் நிலைக்கு வரவில்லை என்றுதான் படிக்க வேண்டும்.

தொடையைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்லாது. பெடர் ரோடு மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் தசையைக் கிழிப்பது இறக்கம். நீண்டுகொண்டே பிடித்து நிறுத்தும் வேலை அப்போதுதான் தொடைக்கு வருகிறது. அந்தச் சேதம் ஆற ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். நான் முதன்முதலில் ஓடிய வருடம் நான்காம் நாள் என் எண்களும் அழகாகத்தான் இருந்தன. அன்று காலை மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். பின்னால் வந்த பூக்காரம்மா பொறுமையாகக் காத்திருந்தார். படி இறங்கிப் பார்ப்பதைவிட நல்ல கருவி எதையும் இன்றுவரை நான் வாங்கியதில்லை.

சரி, எட்டாம் நாளுக்கு வருவோம். ஆறாத காலோடு 8 கிலோமீட்டர் வேகமாக ஓடினால் ஓரிரு நாள் எண்கள் விழும். ஐந்தாம் நாள் 36 அதனால் இருக்கலாம். அதற்கப்புறமும் நாடி 5 துடிப்பு மேலேயே நிற்கிறது என்றால் எனக்கு வேறு சந்தேகம் வருகிறது. தொண்டை கரகரக்கிறதா? சாயங்காலம் உடம்பு கணகணவென்று இருக்கிறதா? மாரத்தான் முடிந்த வாரத்தில் சளி பிடிப்பது சகஜம். வெளியே தெரிவதற்கு முன்பே நாடி காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று, தை மாதம். கல்யாண வீட்டில் பத்தரை மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தால் இரவெல்லாம் நாடி இறங்காது. உங்கள் வாட்ச் இரவு முழுவதற்கும் சராசரி எடுப்பதாக இருந்தால் அந்தச் சாப்பாடும் எண்ணில் சேர்ந்துவிடும். அதனால் நாளையிலிருந்து எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன், மறுபடி படுத்து இரண்டு நிமிடம் அளந்து பாருங்கள். மார்பில் கட்டி நாடி அளக்கும் பட்டை இருந்தால் இன்னும் நல்லது.

தொடர்ந்து மூன்று காலை இரண்டு எண்களும் உங்கள் வரம்புக்குள் இருந்து, கைப்பிடி தொடாமல் படி இறங்க முடிந்தால், 25 நிமிடம் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் போய் வாருங்கள். மறுநாள் காலை எண் அசையவில்லை என்றால் ஒரு நாள் விட்டு 40 நிமிடம். வேகம், மேடு எல்லாம் அதற்கு அடுத்த வாரம். குழுவில் மற்றவர்கள் ஓடுவது அவர்கள் கால்.

இதயம் பற்றிய பயத்துக்கு: சற்றே ஏறிய நாடி மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் இதயக் கோளாறின் அடையாளம் இல்லை. ஆனால் நெஞ்சு வலி, தலைசுற்றி விழுவது, துடிப்பு தாறுமாறாக ஓடுவது, மாடி ஏறினாலே மூச்சு வாங்குவது, சிறுநீர் கோலா நிறத்தில் போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டர். காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது. வைரஸ் இதயத் தசையைப் பிடித்திருந்தால் ஓட்டம் அதை மோசமாக்கும். இவை எதுவும் இல்லாமலேயே இரண்டு வாரம் தாண்டியும் நாடி இறங்கவில்லை என்றால் ஒரு ஈசிஜியும், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு சோதனைகளும் எடுத்துவிடுங்கள்.

அடுத்த வாரம் எண்களை எழுதுங்கள். தொண்டை எப்படி இருக்கிறது என்றும்.