வலி ஏறிய பிறகு போடும் மாத்திரை ஏன் கேட்பதில்லை?

"எனக்கு வயது 23. பாலக்கோட்டிலிருந்து ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். விடியற்காலை நாலரைக்கு பஸ். மாதவிலக்கின் முதல் நாள் அடிவயிற்று வலி உயிர் போகிறது. முடிந்தவரை பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையைப் போடுகிறேன். அப்படியும் கேட்பதில்லை. போன மாதம் அம்மாவின் மூட்டுவலி மாத்திரையையும் சேர்த்துப் போட்டேன், வயிறு எரிந்தது. கிட்னி போய்விடும் என்று வீட்டில் திட்டுகிறார்கள். எப்போது, எவ்வளவு போடலாம் டாக்டர்?"

மாத்திரை கேட்காததற்கு உங்கள் பொறுமைதான் முதல் காரணம். கர்ப்பப்பையின் உட்சவ்வு உதிரும்போது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. அந்த இறுக்கத்தில் தசைக்குப் போகும் ரத்தம் குறைந்து வலி எடுக்கிறது. சிலருக்கு அதே பொருள் குடலையும் கலக்கி, குமட்டலும் பேதியும் வரும். மெஃபனமிக் அமிலம், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் இந்தப் பொருள் புதிதாக உற்பத்தியாவதைத் தடுப்பவை. ஏற்கெனவே சுரந்து நிற்பதை அவை ஒன்றும் செய்யாது. பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைப்பது போலத்தான், வலி உச்சிக்கு ஏறிய பின் மாத்திரை போடுவது.

இரண்டாவது காரணம் அட்டையில் இருக்கிறது. மருந்துக்கடையில் மாதவிலக்கு வலி என்றதும் கத்தரித்துக் கொடுக்கும் மாத்திரை பெரும்பாலும் கலவை மாத்திரை. 250 மில்லிகிராம் மெஃபனமிக் அமிலமும், தசை இழுப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமின் 10 மில்லிகிராமும் அதில் இருக்கும். வலிக்கு வழக்கமாக நாங்கள் எழுதும் மெஃபனமிக் அமிலத்தின் அளவு 500. அதற்காகக் கலவை மாத்திரையை இரண்டாகப் போட வேண்டாம். டைசைக்ளோமினால் வாய் உலரும், கண் மங்கும், தூக்கம் வரும், வியர்வையும் குறையும். இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு அது ஆகாது. மெஃபனமிக் அமிலம் மட்டும் உள்ள 500 மில்லிகிராம் மாத்திரை தனியாகவே கிடைக்கிறது. மருத்துவரிடம் ஒருமுறை காட்டி அதை எழுதி வாங்குங்கள். ஆஸ்துமா, அல்சர், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் ஒவ்வாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் அவரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் இந்த வகை மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

உங்கள் ஷிப்டையே வைத்துக் கணக்குப் போடுவோம். மாலையில் இடுப்பும் தொடையும் கனக்கத் தொடங்குகின்றன, அல்லது முதல் கசிவு தெரிகிறது. அதுதான் நேரம். இரவு 8 மணிக்குச் சாப்பிட்ட கையோடு முதல் மாத்திரை. அடுத்தது விடியற்காலை 4 மணிக்கு. அந்த நேரத்தில் களி இறங்காது, ஒரு டம்ளர் ராகிக் கஞ்சி போதும். மூன்றாவது பகல் 12 மணிக்கு, கேண்டீன் சாப்பாட்டுக்குப் பிறகு. மறுபடி இரவு 8. எட்டு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்துக்கு மூன்று மாத்திரை, அதிகபட்சம் மூன்று நாள். பலருக்கு இரண்டாம் நாளிலேயே தேவை தீர்ந்துவிடும். வலி குறைந்துவிட்டதே என்று முதல் நாள் நடுவில் விட்டுவிட்டால், சுரப்பு மறுபடி ஏறி வலி திரும்பிவிடும். மாத்திரை போட்டால் கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும் என்று பாட்டிமார் சொல்வார்கள். மெஃபனமிக் அமிலம் போக்கைச் சற்றுக் குறைப்பது உண்மை. உள்ளே எதுவும் தேங்குவதில்லை.

இனி அம்மாவின் மாத்திரை. நம் பக்கத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் மூட்டுவலிக்காரர்களும் அதிகம். எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ ஓர் அட்டை கிடக்கும். அவையும் மெஃபனமிக் அமிலமும் ஒரே குடும்பம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது, வயிற்றுக்குத்தான் இரண்டு மடங்கு கேடு. இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும் இதே புராஸ்டாகிளாண்டின்தான். கர்ப்பப்பையில் அதைக் குறைக்கும்போது இரைப்பையிலும் குறைகிறது. ரத்தத்தின் வழியாக நடக்கும் வேலை இது. ஆகவே ஊசியாகப் போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்ப வேண்டாம். மாத்திரை போதாத நாளில் சேர்த்துக்கொள்ளத் தகுந்தது பாராசிட்டமால். ஆறு மணி நேரத்துக்கு ஒரு 650, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். அடிவயிற்றில் சுடுநீர்ப் பை வைப்பதும் நிஜமாகவே வலியைக் குறைக்கும்.

எரிச்சல் வந்தால் அந்த மாதத்துக்கு வலி மாத்திரையை நிறுத்திவிட்டு, பாராசிட்டமாலோடு ஓட்டுங்கள். மலம் தார் போலக் கருத்து, பிசுபிசுத்து, நாற்றமடித்தாலோ, காபித்தூள் கலந்தது போல வாந்தி வந்தாலோ அது இரைப்பையில் ரத்தக் கசிவு. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும். ஆனால் அதில் பிசுபிசுப்பும் அந்த நாற்றமும் இருக்காது.

கிட்னி விஷயத்தில் வீட்டார் சொல்வது பாதி சரி. ஆரோக்கியமான இளம்பெண் மாதத்தில் இரண்டு மூன்று நாள் அளவோடு போடுவதால் சிறுநீரகம் கெடுவது அபூர்வம். ஆபத்து உடம்பு வறண்டிருக்கும்போது வருகிறது. உடலில் நீர் குறைந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயைத் திறந்து வைத்திருப்பது புராஸ்டாகிளாண்டின். அந்த நேரத்தில் மாத்திரை அதையும் தடுத்தால் ரத்த ஓட்டம் சட்டென்று குறைந்துவிடும். கம்பெனியில் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கக் கூச்சப்பட்டு, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். நாலரைக்கு பஸ் ஏறியவர் வீடு திரும்பும் வரை ஒருமுறைகூடச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால், மாத்திரையைவிட அந்தப் பழக்கத்துக்குத்தான் நான் பயப்படுவேன். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வெளிர்மஞ்சள் நிறத்தில் சிறுநீர் போனால் தண்ணீர் போதுமென்று கொள்ளலாம். வாந்தியும் பேதியுமாக இருக்கும் நாளில் இந்த வகை மாத்திரை வேண்டாம். சிறுநீர் குறைந்து கருத்தாலோ, முகமும் காலும் வீங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், தினமும் மூட்டுவலி மாத்திரை போடும் அவரது கிட்னிதான் முதலில் பார்க்க வேண்டியது.

இன்னொன்று, அரிதானது. மெஃபனமிக் அமிலம் போட்ட சில வாரங்களில் காய்ச்சலும் உடம்பெல்லாம் தடிப்பும் நெறிகட்டும் வந்தால் அது தீவிர ஒவ்வாமையாக இருக்கலாம். 2023 இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் இதுபற்றி எச்சரித்தது. அப்படி வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மேலே சொன்ன நேரக்கணக்கில் மூன்று மாதவிலக்குகளைப் பாருங்கள். அதற்குப் பிறகும் வேலைக்குப் போக முடியாத வலி இருந்தாலோ, வருடத்துக்கு வருடம் வலி கூடினாலோ, போக்கு நின்ற பின்னும் வலி தொடர்ந்தாலோ கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற வேறு காரணம் இருக்கக்கூடும். நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமாகக் கடும் வலி எடுத்தால் மூன்று மாதம் காத்திருக்கவே கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இரண்டிலும் மகளிர் நலப் பிரிவு இருக்கிறது. போகும்போது எந்தத் தேதி எத்தனை மணிக்கு எந்த மாத்திரை போட்டீர்கள் என்று எழுதிய தாளையும், பெயர் தெரிகிற பக்கம் கிழியாத அட்டையையும் கொண்டுபோங்கள்.