பள்ளி ஆண்டு மலருக்குக் குறுக்கெழுத்துப் பக்கம்: கேள்வி பதில்

திருமங்கலம் ஆசிரியை: இடமிருந்து வலத்துக்கு 1 முதல் 6 வரை, மேலிருந்து கீழுக்கு 7 முதல் 11 வரை எண் போட்டிருக்கிறேன். சரிதானே?

மாற்றிவிடுங்கள், டீச்சர். எண் சொல்லுக்கு உரியதில்லை, கட்டத்துக்கு உரியது. முதல் வரிசையின் இடது ஓரத்தில் ஆரம்பித்து வரிசை வரிசையாகப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு இடப்பக்கம் கருப்போ ஓரமோ இருந்து, வலப்பக்கம் வெள்ளை இருந்தால் அங்கே எண் வரும். மேலே கருப்போ ஓரமோ இருந்து, கீழே வெள்ளை இருந்தாலும் வரும். இரண்டும் பொருந்தினாலும் எண் ஒன்றுதான்.

```
■   ம   து  ரை  ■
■   ல்  ■   ■   ■
■   லி  ■   ■   ■
வை  கை  ■   ■   ■
```

'ம' கட்டத்துக்கு 1. மதுரையும் மல்லிகையும் அந்த ஒரே எண்ணில் தொடங்குகின்றன. அடுத்த எண் கடைசி வரிசையின் 'வை'க்குத்தான். ஆக, குறிப்புகள் இப்படி நிற்கும். இடமிருந்து வலம்: 1. தூங்கா நகரம் (3), 2. சித்திரையில் கள்ளழகர் இறங்கும் ஆறு (2). மேலிருந்து கீழ்: 1. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்ப் பூ (4).

உசிலம்பட்டி, பிளஸ் ஒன் மாணவி: அண்ணா, அதே கட்டத்தில் 'து'வில் இருந்து கீழே 'துணி' போட்டேன். மூன்று சொல்லும் அப்படியேதான் இருக்கு. ஆனா 'ல்' கட்டத்தில் ஒரு எண் வந்து நிக்குதே?

அந்த எண் உனக்கு நல்லதுதான் செய்திருக்கிறது, தங்கச்சி. 'ணி' வந்ததும் 'ல்'லுக்கு வலப்பக்கம் வெள்ளையாகிவிட்டது. அதனால் இரண்டாம் வரிசையில் 'ல்ணி' என்று ஒரு சொல் இருப்பதாகக் கட்டம் கேட்கிறது. அப்படி ஒரு சொல் கிடையாது. தமிழில் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. புள்ளி வைத்த எழுத்தின் மேல் எண் விழுந்தால், பக்கத்துச் சொற்கள் தெரியாமல் ஒட்டிக்கொண்டன என்று அர்த்தம். ஆனால் இதை மட்டும் நம்பாதே. ஒட்டிய இடத்தில் உயிர்மெய் இருந்தால் இந்த அடையாளம் கிடைக்காது. எண் விழுந்த ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் வாய்விட்டுப் படித்துப் பார். 'துணி'யைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டு.

மேலூர்க்காரர்: கையால் எண்ணவே வேண்டாம். எக்செலில் LEN போட்டால் எழுத்து எண்ணிக்கை வந்துவிடும். எண் போடவும் சூத்திரம் இருக்கும்.

பின்பாதி சரி, அண்ணே. முன்பாதி தமிழுக்கு ஒத்துவராது. 'மல்லிகை'க்கு LEN 7 என்று சொல்லும். ம, ல, புள்ளி, ல, இகரக் கொக்கி, க, ஐகாரக் குறி என்று குறிகளையும் தனித்தனியே எண்ணுகிறது. ஆங்கிலத்துக்காக எழுதிய புதிர் மென்பொருள்கள் பலவற்றில் 'கை' இரண்டு கட்டமாக உடைவதற்கும் இதுதான் காரணம். அதனால் கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று நாமே தட்டச்சு செய்வது நல்லது.

எண்ணுக்குச் சூத்திரம் இது. கட்டம் B2 முதல் F5 வரை, கருப்புக் கட்டங்கள் வெறுமையாக, சுற்றிலும் ஒரு வரிசை காலியாக இருக்க வேண்டும். கீழே உள்ளதை I2-இல் போட்டு M5 வரை இழுத்துவிடுங்கள்.

```
=IF(AND(B2<>"",OR(AND(A2="",C2<>""),AND(B1="",B3<>""))),MAX($H$1:$N1,$H2:H2)+1,"")
```

ஒரு சொல்லை மாற்றினால் எண்கள் தாமே மாறும். குறிப்புப் பட்டியல் மாறாது, அதை நீங்கள்தான் திருத்த வேண்டும். பட்டியலைக் கடைசியில் எழுதச் சொல்வது அதனால்தான்.

திருமங்கலம் ஆசிரியை: வேர்டில் எண் போட்டதும் சில வரிசை மட்டும் உயரமாகிவிடுகிறது. குறிப்புகளும் ஒழுங்காக நிற்கவில்லை.

வரிசை உயரத்தில் 'At least' இருக்கும். அதை 'Exactly' ஆக்கி 1 செ.மீ. கொடுங்கள், அகலமும் அதுவே. 'கௌ', 'ணோ' போன்றவற்றைப் பிள்ளைகள் பென்சிலால் எழுத அந்த இடம் வேண்டும். எண் 6 அல்லது 7 புள்ளி அளவில் இடது மேல் மூலையில் இருக்கட்டும்.

குறிப்புகளுக்குப் பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரிக்காதீர்கள். ஒரு குறிப்பு நீண்டால் 'மேலிருந்து கீழ்' தலைப்பு நகர்ந்துவிடும். கோடில்லாத ஒரு வரி அட்டவணை போட்டு, இடது அறையில் ஒன்று, வலது அறையில் ஒன்று வையுங்கள். எண்ணுக்குப் பின் Ctrl+Tab தட்டி, குறிப்புகளைத் தேர்ந்தெடுத்து Ctrl+T அழுத்தினால் இரண்டாம் வரி எண்ணுக்கு அடியில் போகாமல் எழுத்துக்கு நேராக நிற்கும். ஒரு பக்கம் 9, மறுபக்கம் 5 என்று இருந்தால் நடுக்கோட்டை நகர்த்தி நீண்ட பக்கத்துக்கு அகலம் கொடுங்கள்.

அச்சக ஊழியர், மதுரை: சார், எங்களுக்கு வர்ற வேர்டு ஃபைல்ல கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கு. டீச்சருங்ககிட்டச் சொல்லுங்க.

உங்கள் கணினியில் பழைய எழுத்துரு இருக்கும், அவர்கள் யூனிகோடில் அடித்திருப்பார்கள். எழுத்துரு உள்பதிந்த PDF-ஆகவே வாங்குங்கள். மெய்ப்புத் திருத்தம் இருந்தால் அவர்களே திருத்தி மறுபடி அனுப்பட்டும். நீங்கள் தட்டச்சு செய்ய உட்கார்ந்தால் எண்களும் சேர்ந்து தவறும்.

மாணவி: 'பக்ஷி'க்கு எத்தனை கட்டம், அண்ணா?

நான் 'க்'குக்கும் 'ஷி'க்கும் தனித்தனிக் கட்டம் போடுவேன், ஆக மூன்று.

மேலூர்க்காரர்: க்ஷ ஒரே எழுத்து, தம்பி. இரண்டு கட்டம்தான்.

இரண்டு வழக்கமும் உண்டு, அண்ணே. பிள்ளைகளுக்கான பக்கத்தில் 'பறவை' போட்டுவிட்டால் இந்தக் கேள்வியே வராது.