வவுச்சர் பணம் எப்போது விற்பனை ஆகிறது?

"மதுரை தெற்கு மாசி வீதியில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு 1,000 ரூபாய் கிஃப்ட் வவுச்சர் 200 விற்று, 2 லட்சத்தையும் அன்றே விற்பனையில் எழுதினேன். வவுச்சரோடு சேலை எடுக்க வருகிறவர்களுக்கு பில்லில் தள்ளுபடி போட்டுக் கழிக்கிறோம். ஆடிட்டர் அது கடன் என்கிறார். வாங்கிய பணம் எப்படிக் கடனாகும்?"

உங்கள் ஆடிட்டர் சொல்வதுதான் சரி. வவுச்சர் கொடுத்த அன்று கடையிலிருந்து ஒரு சேலைகூட வெளியே போகவில்லை. அந்தச் சீட்டை நீட்டுகிறவருக்கு 1,000 ரூபாய்க்குத் துணி கொடுக்க வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் இருக்கிறது. கொடுத்து முடிக்கும்வரை அது வருமானம் அல்ல.

டாலியில் Current Liabilities குழுவின் கீழ் 'வவுச்சர் முன்பணம்' என்று ஒரு லெட்ஜர் திறந்து, 2 லட்சத்தை விற்பனையிலிருந்து அதற்கு மாற்றுங்கள். ஒருவர் வவுச்சரோடு வந்து 1,400 ரூபாய்க்குச் சேலை எடுத்தால் பில் முழுதாக 1,400க்கே போட வேண்டும். 1,000 முன்பணத்திலிருந்து கழியும், 400 ரொக்கமாக வரும்.

தள்ளுபடி என்று போடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. அப்படிப் போட்டால் பில் 400 ஆகிவிடும், ஜி.எஸ்.டி.யும் 400க்குத்தான் விழும். வவுச்சர் விற்பது பொருள் வழங்கலோ சேவை வழங்கலோ அல்ல என்று 2024 டிசம்பர் 31 சுற்றறிக்கை தெளிவாக்கிவிட்டது. அதனால் வரி சேலை பில்லில்தான், அதுவும் முழு விலைக்கு. இதுவரை போட்ட பில்களை எடுத்துக்கொண்டு ஆடிட்டரோடு உட்கார்ந்து, குறைந்த வரியைச் சரிசெய்யுங்கள்.

மார்ச் 31 அன்று 150 வவுச்சர் திரும்பி வந்திருந்தால் முன்பணத்தில் 50,000 நிற்க வேண்டும். அடிக்கட்டையைப் புரட்டி, வராத வரிசை எண்களை எண்ணுங்கள். 50 எண் தேறாவிட்டால், ஏதோ ஒரு பில்லில் வவுச்சரைக் கழிக்கும்போது தவறு நடந்திருக்கிறது.

அந்த 50இல் சில வராமலே போகும். இந்தியக் கணக்கியல் தரம் 115 பின்பற்றும் பெரிய கம்பெனிகள், பழைய அனுபவத்தை வைத்து, 20 வவுச்சர் வராது என்று நம்பகமாக மதிப்பிட முடிந்தால், அந்த 20,000த்தை வருகிற வவுச்சர்களின் விகிதத்திலேயே வருமானமாக்கும். வரக்கூடிய 180இல் 150 வந்துவிட்டதால், 20,000த்தில் ஆறில் ஐந்து பங்கு, அதாவது 16,667 ரூபாய், இந்த ஆண்டே வருமானம். முன்பணத்தில் நின்ற 50,000இல் மீதி 33,333 கடனாக நிற்கும்.

உங்களுக்கு இது முதல் தீபாவளி, கைவசம் பழைய கணக்கு இல்லை. ஆகவே 50,000மும் அப்படியே நிற்கட்டும். வவுச்சரில் அச்சிட்ட கடைசித் தேதி கடந்ததும் வருமானத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் பழகிய வாடிக்கையாளர் தேதி தாண்டி வந்தாலும் நீங்கள் வாங்கிக்கொள்வீர்கள் என்றால், அந்தத் தேதியை நம்பி எடுத்துவிடாதீர்கள். உங்கள் பொறுப்பு இன்னும் தீரவில்லை.