பயன்படுத்திய பொருளைப் புதிது என்று விற்றதாகக் கணக்கு முடங்கினால் அப்பீலை எப்படி எழுதுவது?

கேள்வி: ஆன்லைன் மார்க்கெட்பிளேஸில் விற்கிறேன். பயன்படுத்திய பொருளைப் புதிது என்று விற்றதாகச் சொல்லி என் கணக்கை முடக்கிவிட்டார்கள். நான் விற்பதெல்லாம் புதுப் பொருள்தான். பில் அனுப்பியும் அப்பீலை நிராகரிக்கிறார்கள். கணக்கை எப்படி மீட்பது? இனிமேல் இப்படி வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அடுத்த அப்பீலை இப்போதைக்கு அனுப்பாதீர்கள். கோபத்தில் அடுத்தடுத்து அனுப்பும் அப்பீல்கள் ஒன்றுக்கொன்று முரணாகப் போய்விடும். ஒரு தடவை சப்ளையர் மேல் பழி, அடுத்த தடவை வாடிக்கையாளர் மேல் பழி என்று இருந்தால், நான்காவதாக உண்மையான காரணத்தை எழுதினாலும் நம்ப மாட்டார்கள்.

விற்பனையாளர்களுக்கு அப்பீல் எழுதிக் கொடுப்பது என் வேலை. இந்தக் குற்றச்சாட்டில் பில் மட்டும் ஏன் எடுபடுவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் புதுப் பொருளை வாங்கினீர்கள் என்பதைத்தான் பில் காட்டுகிறது. தளம் கேட்பது வேறு: வாடிக்கையாளர் பெட்டியைத் திறந்தபோது அது ஏன் பழையதாகத் தெரிந்தது? இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் பொருளுக்கு ஏதோ நடந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து எழுதும் வரை கதவு திறக்காது. நான் பார்த்தவரை அந்த "ஏதோ" பெரும்பாலும் ரிட்டர்ன் வந்த பொருள்தான். மோசமான பேக்கிங் அதற்கு அடுத்தபடி. தெரிந்தே பழையதை விற்பவர்கள் குறைவு.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். ஒருவர் முடி வெட்டும் டிரிம்மர் விற்கிறார் என்று வையுங்கள். பொருளைத் தளத்தின் கிடங்குக்கே அனுப்பிவிடுகிறார். பேக்கிங், டெலிவரி, ரிட்டர்ன் எல்லாம் கிடங்கே பார்த்துக்கொள்கிறது. அமேசானில் இதற்கு எஃப்பிஏ என்று பெயர். ஒரு வாடிக்கையாளர் டிரிம்மரை வாங்கி, ஒரு முறை பயன்படுத்திவிட்டு, "தேவையில்லை" என்று காரணம் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். "பழுது" என்று சொல்லியிருந்தால் அதைத் தனியே எடுத்து வைத்திருப்பார்கள். தேவையில்லை என்று சொன்னதாலும், வெளிப்பெட்டி நன்றாக இருப்பதாலும், அது விற்கத் தகுந்தது என்று மறுபடி ஸ்டாக்கில் சேர்ந்துவிடுகிறது. அடுத்து வாங்கியவர் பெட்டியைத் திறக்கிறார். பிளேடு இடுக்கில் யாருடைய முடியோ இருக்கிறது. அவர் எழுதும் புகாரில் "பழையது" என்ற ஒரு சொல் போதும், குற்றச்சாட்டு உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

இதை ஊகமாக விடக் கூடாது, தரவில் காட்ட வேண்டும். அமேசானில் விற்பவராக இருந்தால் எஃப்பிஏ ரிட்டர்ன் அறிக்கையைக் கடந்த சில மாதங்களுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். அதில் `reason` என்ற பத்தியில் வாடிக்கையாளர் சொன்ன காரணமும், `detailed-disposition` என்ற பத்தியில் கிடங்கு அந்தப் பொருளை எப்படி வகைப்படுத்தியது என்பதும் இருக்கும். காரணம் `UNWANTED_ITEM`, வகை `SELLABLE` என்று இருக்கும் வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். ஒருவர் திருப்பி அனுப்பி மறுபடி விற்பனைக்குப் போன பொருட்கள் இவை. இப்போது புகார் வந்த ஆர்டர்களின் தேதிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரிட்டர்ன்கள் ஸ்டாக்கில் சேர்ந்த சில நாட்கள் கழித்துப் புகார்கள் வரத் தொடங்கியிருந்தால் நூல் கிடைத்துவிட்டது.

இன்னொரு தடயமும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. திரும்பி வந்த பொருளின் மேல் கிடங்கில் LPN என்று தொடங்கும் எண்ணுடன் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதே எண் அறிக்கையில் `license-plate-number` என்ற பத்தியில் இருக்கும். வாடிக்கையாளர் ரிவ்யூவில் போட்ட படத்தில் பெட்டியின் மூலையில் அந்த ஸ்டிக்கர் தெரிந்தால், அந்தப் பெட்டி ஏற்கெனவே ஒருவர் வீட்டுக்குப் போய்வந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. `customer-comments` பத்தியையும் ஒரு வரி விடாமல் படியுங்கள். "சீல் இல்லை", "கீறல் இருக்கிறது", "மேனுவல் இல்லை" என்பவை எல்லாம் ஒரே பிரச்சினையின் வேறு வேறு முகங்கள்.

நீங்களே பேக் செய்து அனுப்புபவராக இருந்தால் அறிக்கைக்குப் பதில் உங்கள் அலமாரியைப் பாருங்கள். ரிட்டர்ன் வந்த பொருளும் புதிதாக வந்த பொருளும் ஒரே அடுக்கில் இருக்கிறதா? ரிட்டர்னைப் பிரித்துப் பார்த்தவர் யார், எங்கே குறித்து வைத்தார்? பதில் இல்லையென்றால் காரணம் அங்கேயே இருக்கிறது.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. இனி எழுத வேண்டியது. தளங்கள் கேட்கும் செயல்திட்டத்துக்கு மூன்று பாகம்: மூல காரணம், இதுவரை செய்து முடித்தது, இனி வராமல் இருக்கச் செய்திருக்கும் ஏற்பாடு. நிராகரிக்கப்படும் அப்பீல்களில் மூல காரணம் இப்படித்தான் இருக்கும்: "எங்கள் பொருட்கள் அனைத்தும் புதியவை. சில வாடிக்கையாளர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள். இனி கூடுதல் கவனத்துடன் இருப்போம்." இதைப் படிப்பவருக்கு எதையும் சரிபார்க்க வழியில்லை. டிரிம்மர்காரர் எழுத வேண்டியது இது:

"வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய டிரிம்மர்கள் உள்ளே சோதிக்கப்படாமல் மறுபடி விற்பனை ஸ்டாக்கில் சேர்ந்தன. எங்கள் பெட்டியில் சீல் இல்லாததால், திறக்கப்பட்ட பெட்டியை வெளியிலிருந்து அடையாளம் காண முடியவில்லை. ரிட்டர்ன் அறிக்கையை நாங்கள் பார்வையிடாமல் இருந்தது எங்கள் தவறு."

கடைசி வாக்கியத்தை எழுதப் பலருக்கு மனம் வராது. கிடங்குதானே மறுபடி ஸ்டாக்கில் சேர்த்தது, நான் ஏன் பழியை ஏற்க வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான ஆதங்கம்தான். ஆனால் அப்பீலைப் படிப்பவர் பார்ப்பது ஒன்றே: உங்கள் கையில் இருக்கும் எதை மாற்றினால் இது நிற்கும்? அந்தப் பதில் இல்லாத அப்பீலால் அவருக்குப் பயனில்லை.

இரண்டாம் பாகத்தை முழுக்க இறந்த காலத்தில் எழுதுங்கள். "செய்வோம்" என்று ஒரு இடத்திலும் வரக் கூடாது. அந்த டிரிம்மரின் விற்பனையை நிறுத்தினோம். கிடங்கில் இருந்த ஸ்டாக் முழுவதையும் திரும்ப எடுக்கக் கோரிக்கை போட்டோம், கோரிக்கை எண் இது. புகார் செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பினோம், ஆர்டர் எண்கள் இவை. இதையெல்லாம் உண்மையிலேயே செய்துவிட்டுத்தான் எழுத வேண்டும். மூன்றாம் பாகத்தில் யார், எப்போது, எப்படி என்பது தெரிய வேண்டும்: ஒவ்வொரு பெட்டியின் வாயிலும் திறந்தால் கிழியும் சீல் ஒட்டுகிறோம், படம் இணைத்திருக்கிறோம், திரும்ப எடுத்த ஸ்டாக்கில் சீல் கிழிந்ததை மறுபடி புதியது என்று அனுப்புவதில்லை, வாரம் ஒரு நாள் ரிட்டர்ன் அறிக்கையை ஒருவர் படித்துப் பதிவு செய்கிறார். ரிட்டர்ன்களை மறுபேக்கிங் செய்து விற்கும் அமைப்பு உங்கள் கணக்கில் இருந்து, அதை நிறுத்த வழியும் இருந்தால், நிறுத்திவிட்டு அதையும் குறிப்பிடுங்கள். எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும்.

பில்லையும் இணைக்கத்தான் வேண்டும், ஆனால் துணை ஆவணமாக. அமேசான் பொதுவாகக் கடந்த 365 நாட்களுக்குள் வந்த பில்லைக் கேட்கும். சப்ளையரின் பெயர், முகவரி, தொலைபேசி இருக்க வேண்டும்; உங்கள் பெயரும் முகவரியும் கணக்கில் உள்ளபடியே இருக்க வேண்டும்; வாங்கிய எண்ணிக்கை விற்ற எண்ணிக்கைக்கு ஈடாக இருக்க வேண்டும். விலையை மறைத்துக்கொள்ளலாம். மற்ற எதையும் தொடாதீர்கள். முகவரியில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் அது போலி ஆவணம் என்று போய்விடும். புகாரிலிருந்து மீளலாம், போலி ஆவணத்திலிருந்து மீள்வது மிகக் கடினம். பிழை இருந்தால் சப்ளையரிடமே திருத்திய பில்லும், ஏன் திருத்தினோம் என்று ஒரு கடிதமும் வாங்குங்கள்.

காத்திருக்கும் காலத்தில் பெரிய ஆபத்து புதுக் கணக்கு. தம்பி பெயரில், மனைவி பெயரில் தொடங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வங்கிக் கணக்கு, முகவரி, கார்டு, பயன்படுத்தும் கணினி என்று எதை வைத்தும் இரண்டையும் இணைத்துவிடுவார்கள். அப்புறம் இரண்டும் போகும், முதல் முடக்கத்துக்கான நல்ல அப்பீலும் வீணாகும். கணக்கில் இருக்கும் பணத்தை 90 நாட்களோ அதற்கு மேலோ பிடித்து வைக்கலாம் என்பதால் கடன், சம்பளம் போன்றவற்றை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். ஏற்கெனவே வந்த ஆர்டர்கள் உங்கள் கையில் இருந்தால் நேரத்துக்கு அனுப்புங்கள், வாடிக்கையாளர் செய்திகளுக்குப் பதில் சொல்லுங்கள். முடங்கியிருந்தாலும் அளவீடுகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இனி வராமல் இருக்க எதைப் பார்ப்பது? அமேசானில் ஆர்டர் குறைபாட்டு விகிதம் 60 நாள் கணக்கில் 1 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். அந்த 60 நாளில் உங்களுக்கு 150 ஆர்டர் என்றால், இரண்டு மோசமான ஆர்டர்களே 1.33 சதவீதம். சிறிய விற்பனையாளருக்குப் புகார் சேரும் வரை காத்திருக்க இடமே இல்லை; முதல் "சீல் இல்லை" ரிட்டர்னிலேயே ஸ்டாக்கைப் பார்த்துவிட வேண்டும். இன்னொரு பழக்கம், மோசமான ரிவ்யூ போட்டவருக்கு "எடுத்துவிட்டால் பணம் தருகிறேன்" என்று செய்தி அனுப்புவது. பணத்தைத் திருப்பித் தாருங்கள், தாராளமாகத் தாருங்கள், ஆனால் அதை ரிவ்யூவோடு முடிச்சுப் போடாதீர்கள். அது தனிக் குற்றம், இதைவிடப் பெரியது.

கணக்கு திரும்பக் கிடைத்த பிறகு அந்த டிரிம்மர் பக்கம் மட்டும் தடையிலேயே இருக்கக்கூடும். அதற்குத் தனியாக அப்பீல் செய்ய வேண்டியிருக்கும். தடையைச் சுற்றிப் போக அதே பொருளுக்குப் புதுப் பக்கம் போடாதீர்கள். சீல் ஒட்டிய புது ஸ்டாக்கின் படத்தோடு அந்தப் பழைய பக்கத்துக்கே அப்பீல் போடுங்கள்.