கல்யாண வீடியோ இறங்கவில்லை: 100 ஜிபி பிளான் வாங்கலாமா?

கேள்வி: தங்கை கல்யாண போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் ஸ்டுடியோவில் கூகுள் டிரைவ் லிங்க்காக அனுப்பினார்கள். மொத்தம் 68 ஜிபி. முழு ஃபோல்டரையும் டவுன்லோட் செய்தால் பாதியில் நின்றுவிடுகிறது. 9 ஜிபி வீடியோவை மட்டும் தொட்டால் கோட்டா தீர்ந்துவிட்டது என்கிறது. கூகுளின் 100 ஜிபி ஸ்டோரேஜ் பிளான் வாங்கினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். தீர்ந்துபோனது உங்கள் கணக்கின் இடமல்ல. அந்த ஒரு வீடியோவைக் குறுகிய நேரத்தில் இத்தனை பேர்தான் பார்க்கலாம், இறக்கலாம் என்ற வரம்பு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போனால் இப்படித்தான் ஆகும். வரம்பு நீங்க 24 மணி நேரம் வரை ஆகலாம். அதே ஃபோல்டரில் உள்ள போட்டோக்கள் அதற்குள்ளும் இறங்கும்.

அவசரமென்றால் உங்கள் ஜிமெயிலில் நுழைந்து, வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்து Make a copy கொடுத்துப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் நகல் உங்கள் டிரைவுக்கு வரும், அதை இறக்கலாம். ஆனால் இலவச 15 ஜிபியில்தான் ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் இருக்கின்றன. 9 ஜிபி காலியாக இல்லாவிட்டால் நகல் எடுக்க முடியாது. பிளானுக்கு வேலை வருவது இந்த இடத்தில் மட்டும்தான். அதற்குப் பதில் ஸ்டுடியோவிடமே புது நகலும் புது லிங்க்கும் கேளுங்கள். அதைக் குழுவில் பகிராதீர்கள். நீங்களே நகல் எடுத்தால், இறக்கியபின் அழித்து, Trash-ஐயும் காலி செய்யுங்கள். குப்பையில் கிடப்பதும் இடக்கணக்கில் சேரும்.

ஃபோல்டர் நின்றுபோவது வேறு சிக்கல். முழு ஃபோல்டரையும் கேட்டால் டிரைவ் அதை ஏறக்குறைய 2 ஜிபி ஜிப்களாகக் கட்டித் தரும். பெரிய வீடியோக்கள் ஜிப்பில் சேராமல் தனியாக வரும். 68 ஜிபிக்கு ஏறக்குறைய முப்பது ஜிப்கள் வரை வரலாம். நடுவில் இணையம் அறுந்தால் அந்த ஜிப் பெரும்பாலும் முதலிலிருந்துதான். ஏதோ ஒன்று வராமல் போனாலும் கண்ணில் படாது.

கம்ப்யூட்டரில் Google Drive for desktop நிறுவுவது இதற்கு நல்ல வழி. பிரவுசரில் அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, Organize, அதற்குள் Add shortcut கொடுத்து My Drive-இல் வையுங்கள். ஷார்ட்கட் உங்கள் இடத்தை எடுத்துக்கொள்ளாது. பிறகு கம்ப்யூட்டரில் தெரியும் டிரைவ் வழியாக அதைத் திறந்து, ஒவ்வொரு உள்ஃபோல்டராக வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி செய்யுங்கள். ஜிப்பே கிடையாது, நின்றாலும் விட்ட ஃபைலிலிருந்து தொடரலாம். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் இழுத்தால் தற்காலிகப் பிரதிகள் சி டிரைவை நிரப்பிவிடும், கவனம்.

பென் டிரைவில் வைப்பதானால் அது exFAT அல்லது NTFS ஃபார்மட்டில் இருக்கட்டும். FAT32 என்றால் 64 ஜிபி காலியாக இருந்தாலும் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைலை வாங்காது. எல்லாம் முடிந்ததும் மொத்த ஃபைல் எண்ணிக்கையை ஸ்டுடியோவிடம் கேட்டு, உங்கள் ஃபோல்டரின் Properties காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவரை லிங்க்கை அழிக்க வேண்டாமென்று அவர்களிடம் சொல்லி வையுங்கள்.