மகன் கணக்கில் அம்மாவின் பென்ஷன்

"எனக்கு 61 வயது, சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். முதியோர் கிராண்ட் அப்ரூவ் ஆகி இது மூன்றாவது மாதம், ஒரு ராண்ட்கூட வரவில்லை. என் பழைய கணக்கு கல்யாணத்துக்கு முன்னால் திறந்தது, சும்மா கிடக்கிறது. அதனால் மகன் கணக்கு எண்ணைக் கொடுத்திருந்தேன். செலவுக்கு மஷோனிசா வட்டிக்காரரிடம் 1,500 ராண்ட் வாங்கினேன், மாதம் 30 சதவீத வட்டி. கிராண்டைக் காட்டினால் ஒரு ஆப்பில் அட்வான்ஸ் தருவார்களாம், மகன் சொல்கிறான். எடுக்கலாமா?"

எடுக்காதீர்கள் அம்மா. வராத பணத்தின் மேல் இன்னொரு கடன் எதற்கு? உங்கள் தொல்லை மஷோனிசாவிடம் ஆரம்பிக்கவில்லை. மகன் கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்தீர்களே, அந்தப் படிவத்தில் ஆரம்பித்தது.

கிராண்ட் தரும் அரசு நிறுவனமான சாஸா, பணம் அனுப்புமுன் அந்தக் கணக்கு யாருடையது என்று வங்கியிடம் சரிபார்க்கிறது. உங்கள் 13 இலக்க ஐடி எண்ணும் குடும்பப் பெயரும் கணக்கில் பதிவான எண்ணோடும் பெயரோடும் பொருந்த வேண்டும். மகன் கணக்கில் இருப்பது மகனுடைய ஐடி எண், அது எப்படிப் பொருந்தும்? பெற்ற பிள்ளை என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அப்ரூவல் என்பது உங்களுக்குத் தகுதி உண்டு என்பது மட்டும்தான். கணக்கு சரியா என்பது தனிக் கேள்வி, நீங்கள் நிற்பது அங்கே.

பழைய கணக்கை எழுப்பினால் போதுமா என்றால், அதுவும் போதாது. அது உங்கள் பிறந்த வீட்டுப் பெயரில் இருக்கிறது. ஐடியில் கணவர் வீட்டுப் பெயர் இருந்தால் அங்கேயும் இதே இடத்தில் தட்டும். நம் வீடுகளில் இது சாதாரணம். 'பிள்ளை' என்ற குடும்பப் பெயருள்ள ஒரே வீட்டில் ஒருவர் பெயர் ஆங்கிலத்தில் 'ஒய்' எழுத்தில் முடியும், இன்னொருவருடையது 'ஐ' எழுத்தில் முடியும். அந்தக் காலத்துக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதை மூன்று தலைமுறையாகச் சுமக்கிறோம்.

ஆகவே முதலில் வங்கிக்குப் போங்கள். ஐடி, கல்யாணச் சான்றிதழ், விலாசத்துக்கு ஒரு பில் கையில் இருக்கட்டும். குடும்பப் பெயரை மாற்றி, கணக்கை உயிர்ப்பித்துத் தரச் சொல்லுங்கள். பிறகு முத்திரை போட்ட கணக்கு உறுதிக் கடிதம் ஒன்று கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதத்தை கவுன்ட்டரிலேயே நின்று, ஐடியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஐடி எண்ணின் முதல் ஆறு இலக்கம் உங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அதில் தப்பு இருந்தால் சட்டென்று கண்ணில் படும். மீதி ஏழையும் விரல் வைத்துப் பாருங்கள், ஓர் எண் இடம் மாறியிருந்தாலும் பணம் நின்றுவிடும். ஐடியிலேயே பெயர் தப்பென்றால் அது ஹோம் அஃபேர்ஸ் வேலை. அதை முடிக்காமல் வங்கியைத் திருத்திப் பயனில்லை.

கடிதம் கைக்கு வந்ததும் சாஸா அலுவலகத்தில் வங்கி வழிப் பணம் பெறும் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, முத்திரையிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மாத முதல் பாதியிலேயே போய்விடுங்கள். கடைசியில் போனால் அடுத்த மாதப் பட்டியல் தயாராகியிருக்கும். கிராண்ட் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள், ஏனென்றால் தொடர்ந்து மூன்று மாதம் எடுக்கப்படாத கிராண்ட் காலாவதியாகலாம். நீங்கள் அந்த விளிம்பில் இருக்கிறீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். மாதம் சுமார் 2,300 என்றால் மூன்று மாதத்துக்கு 6,900. கிராண்ட் விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்காகும், எனவே நிலுவை இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும். மஷோனிசாவுக்கு 1,500க்கு மாதம் 450 வட்டி. இரண்டு மாதம் கட்டியிருந்தால் 900 போய்விட்டது, அசல் அப்படியே நிற்கிறது. பதிவு பெற்ற கடன்காரர் குறுகிய காலக் கடனுக்கு முதல் தடவை மாதம் 5 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. 1,500க்கு அது 75 (கட்டணங்கள் தனி). நிலுவை வந்த அன்றே மஷோனிசாவின் 1,500ஐ முதலில் அடைத்துவிடுங்கள். உங்கள் கார்டையோ பின் நம்பரையோ ஐடியையோ அவர் பிடித்து வைத்திருந்தால் உடனே திருப்பிக் கேளுங்கள். கடனுக்கு ஈடாக அவற்றை வைத்துக்கொள்வது தேசியக் கடன் சட்டப்படி குற்றம்.

ஆப் விஷயம்: அது ஐந்து நிமிடத்தில் வங்கிக் கணக்கும் திறந்து தரும் என்றால் திறக்கட்டும், உங்கள் பெயரிலும் உங்கள் ஐடியிலும் இருந்தால் அது கணக்குதான். அட்வான்ஸ் என்பது வேறு பெயர் வைத்த கடன்.

மகனுக்கு அம்மாவுக்காக அலைய மனசு இருந்தால், சாஸாவிலேயே அவரை உங்கள் சார்பில் பணம் பெறும் ஆளாக, அதாவது புரோக்கியூரேட்டராக, நியமிக்க வழி இருக்கிறது. கணக்கு எண்ணைக் கடன் கொடுப்பது அந்த வழி அல்ல. நிலுவை மொத்தமாக வரும் நாளில் 'எனக்கும் கொஞ்சம்' என்று அவர் கேட்டால், வட்டிக்காரரின் 1,500ஐ ஒதுக்கிவிட்டுப் பிறகு பதில் சொல்லுங்கள்.